காரிமங்கலம் வரை வந்த காற்று மெத்தை

யாராவது வந்து "ஆர்டரைக் கேன்சல் பண்ணணும்" என்றால் முனிராஜுக்கு முகம் செத்துவிடும். காரிமங்கலம் கூரியர் ஆபீஸைப் பத்து வருடமாகக் கவனித்துக்கொள்கிறவர். காரணம் எனக்குத் தெரியும். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது.

குள்ளம்மாளின் புருஷன் சென்னப்பன் பக்கவாதத்தில் படுத்தவர், முதுகெல்லாம் புண். ஆடு விற்ற பணத்தில் அவள் போனிலேயே டில்லிப் பக்கத்துக் கடையொன்றில், படுக்கைப் புண்ணுக்கு இதமான காற்று மெத்தைக்கு ஆர்டர் போட்டுக் கொடுத்தார் முனிராஜ். நாலாம் நாள் சென்னப்பனுக்கு மூச்சு இழுத்தது. இனி ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். சென்னப்பனின் அண்ணன் மாது அவரைத் தரையில் பாய் போட்டுக் கிடத்தினார். "மெத்தையில உசுரு போவக் கூடாது. வேணாம்னு சொல்லிடு" என்றார் குள்ளம்மாளிடம். அவள் கூரியர் ஆபீஸுக்கு வந்தாள்.

"வண்டி ஏறிடுச்சுங்கக்கா. இப்ப ரத்து பண்ணா போக வரக் கூலி புடிச்சுக்குவாங்க. மெத்த திரும்பிப் போய்ச் சேந்தாத்தான் மிச்சப் பணம் வரும்" என்றார் முனிராஜ்.

"ஆளே போறப்ப மெத்த எதுக்குங்க தம்பி" என்று அழுதாள். அவர் ரத்து செய்தார்.

சென்னப்பன் சாகவில்லை. ரத்து செய்த மூன்றாம் நாள் கஞ்சி கேட்டார்.

குள்ளம்மாள் ஓடி வந்தாள். அன்று காலைதான் சேலத்திலிருந்து வந்த கூரியர் மூட்டையைப் பிரித்திருந்தார்கள். மெத்தைப் பெட்டி அதில் இருந்தது. ரத்து செய்தபோது சீல் வைத்த மூட்டைக்குள் லாரியில் கிடந்தது, இங்கே ஸ்கேன் பண்ணியதும்தான் 'அனுப்பியவருக்கே திருப்பு' என்று காட்டியது.

"இந்தா இருக்குதே, குடுங்க தம்பி."

முனிராஜ் விற்றவனுக்கு போன் போட்டார். திருப்பு என்று பதிந்ததை மாற்ற முடியாது, சரக்கு வந்து பிரித்துப் பார்த்த பிறகே பணம் என்றான் அவன். விற்க அவளிடம் வேறு ஆடு இல்லை. "எடுத்துக் குடுத்துத் தொலைய்யா" என்று நான் கத்தினேன். காணாமல் போன சரக்கு என்று தன் தலையில் விழும், வேலை போகும் என்றார். அதுவும் நிஜம்தான், பாழாய்ப்போன நிஜம்.

திரும்பும் சரக்குக்கு யாருக்கும் அவசரமில்லை. போகிற சரக்கெல்லாம் ஏறிய பிறகு இடமிருந்தால்தான் அதற்கு லாரி. சேலத்தில் ஆறு நாள், பெங்களூரில் ஒன்பது நாள் கிடந்தது. குள்ளம்மாள் தினமும் வந்து, "இப்ப எந்த ஊருங்க தம்பி?" என்பாள். நானும் முனிராஜும் ஆளுக்குப் பாதி போட்டு வேறு மெத்தை வாங்கித் தந்திருக்கலாம். பணம் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றே இருந்துவிட்டோம். இது எனக்கு ஆறவே ஆறாது.

மெத்தை நாக்பூரைத் தாண்டிய அன்று சென்னப்பன் போய்விட்டார், அந்தப் பாயிலேயே.

கருமாதிக்கு மறுநாள் பணம் வந்தது. குள்ளம்மாள் போனை நீட்டினாள்.

"கொறையுதுங்களா தம்பி?"

"போக வரக் கூலிங்கக்கா." முனிராஜ் தலை நிமிரவில்லை.

"புடிக்கட்டுங்க" என்றாள். "நம்மூரு வரைக்கும் வந்துட்டுத்தான போச்சு."