ஆலாத்திட்டில் விட்ட ஆடுகள்

பாம்பன் அலியாரை ஊரில் நல்ல மனுஷன் என்பார்கள். நானும் மறுக்கவில்லை. அவர் மீன்பிடி வத்தையில், அந்தச் சின்னப் படகில், பதினெட்டு வருஷம் கூட ஓடியவன் நான், பால்சாமி. அந்த நல்ல மனுஷன் கடலுக்குள் கிடந்த ஒரு மணல் திட்டையே மொட்டையடித்ததை என் கண்ணால் பார்த்தேன். என் பங்கும் அதில் உண்டு.

1951-ல் அவர் மகள் காலிதா காய்ச்சலில் கிடந்தாள். பிழைத்தால் தர்காவின் கந்தூரி விழாவுக்கு ஆடு விடுவதாக நேர்ந்துகொண்டார். பிழைத்துவிட்டாள். நேர்ச்சை ஆட்டை ஊருக்குள் யாரும் விரட்ட மாட்டார்கள். அது அடுத்தவன் தோட்டத்தை மேய்ந்தால் சண்டை நமக்கு.

"கந்தூரி வரைக்கும் ஆலாத்திட்டுல கெடக்கட்டும் மாப்ள. அங்கன நரியுமில்ல, களவுமில்ல" என்றார்.

ஒரு கிடாயும் இரண்டு பெட்டைகளும் வத்தை ஏறின.

அந்தத் திட்டின் மணலில் கோடைதோறும் ஆலாப் பறவைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் செடி நிழலில் ஒண்டிக்கொள்ளும். கடலில் ஆலாக் கூட்டம் எங்கே பாய்கிறதோ அங்கே சாளை மீன் கிடக்கும். எங்கள் பிழைப்பே அவற்றின் பின்னால்தான் ஓடியது.

கந்தூரிக்குக் கிடாயை மட்டும் கொண்டுவந்தார். சினையாக இருந்த பெட்டைகளை அடுத்த வருஷங்களுக்கு ஆகும் என்று விட்டுவைத்தார். பேராசைதான். கோடையில் அவற்றுக்கு வைக்கோல் கொண்டுபோனோம். கட்டை அவிழ்த்ததும் உள்ளிருந்து எலிகள் சில துள்ளிச் செடிக்குள் ஓடின.

"இங்கன என்ன கெடக்கு திங்க? தானாச் சாகும் மாமா" என்று சிரித்தேன்.

நாலைந்து வருஷத்தில் ஆடுகள் நாற்பதாயின. துளிர்விட்ட செடியெல்லாம் அவற்றின் வாயில் போயிற்று. நிழலற்ற மணலில் ஆலாக் குஞ்சுகள் வெயிலில் சுருண்டு செத்தன; மிஞ்சியதைப் பருந்து தூக்கியது. முட்டைகளிலோ எலி கடித்த ஓட்டை. பறவைகள் வருவது குறைந்தது, எங்கள் வலையும் காய்ந்தது.

ஆடுகளை அப்போதே பிடித்திருக்கலாம். அவர் மனைவி நஸீரா, "நேந்து விட்டதை வித்துக் காசாக்குனா புள்ளைக்கு ஆகுமா?" என்று கேட்டாள்.  காலிதாவின் நிக்காஹ் முடிகிற வரை அலியார் திட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

பிறகுதான் ஆடுகளை ஒன்றுவிடாமல் பிடித்து வந்தோம். இரண்டு மழைக்குப் பின் செடிகள் தழைத்தன. ஆலாக்களில் ஒரே ஒரு ஜோடி வந்து, ஒரே ஒரு முட்டை இட்டது. அலியார் குழந்தையைப் போலக் குதூகலித்தார். எலிக்குப் பயந்து, சாயங்காலம் முட்டைமேல் மீன்கூடையைக் கவிழ்த்துக் கல்லும் வைத்தார். தாய்ப்பறவை உட்கார இடமில்லாமல் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு அப்போதே எரிச்சல்தான்.

விடிந்ததும் கூடையைத் தூக்கினார். மணலைத் தோண்டி அடிவழியே எலி நுழைந்திருந்தது. உள்ளே ஓடுதான் கிடந்தது.

அந்த முட்டை ஓட்டைக் கையில் வைத்தபடி கேட்டார்: "ஆடு கூப்பிட்டா வந்துச்சு மாப்ள. எலிய என்ன சொல்லிக் கூப்பிட?"

தானாகச் சாகும் என்று சிரித்தவன் நான். வத்தையைத் தள்ளப் போய்விட்டேன்.