ஏழு மணிக்கு அணைத்த டிவியும் பெமிலாவும்

குழித்துறை சந்தைக்குப் பின்னால், மாவு அரைக்கிற மில்லை ஒட்டி ஒரு ஒற்றைக் கதவுக் கடை இருக்கிறது. 'பெமிலா டிவி சர்வீஸ்' என்று போர்டு. அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் மேசைக்குப் பின்னால் இருக்கிற பெண்ணைப் பார்த்து, "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்றுதான் கேட்பார்கள். நானும் அதையே கேட்டேன்.

"வந்தாச்சு. டிவிக்கு என்ன?" என்றாள் பெமிலா.

நான் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒருத்தரைப் புகழ்ந்து எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, புகழ்ந்து பேசுகிற பழக்கமும் இல்லை. ஆனால் இந்தப் பெண்ணைப் பற்றி எழுதாவிட்டால் எனக்கு மனசு கேட்காது.

முதலில் என் வீட்டுக் கதை. என் மனைவி ஞானசெல்விக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது காதையும் கொண்டுபோயிற்று. வலது காது சுத்தமாக இல்லை, இடதில் கொஞ்சம் மிச்சம். மகன் ஜெனித் ஒரு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கி அனுப்பினான். அதை மாட்டினால் டிவி அவளுக்கு நன்றாகக் கேட்கும். என்ன சங்கடம் என்றால், அது இணைந்த உடனே டிவி ஸ்பீக்கர் வாயை மூடிவிடும். அவள் கேட்டால் எங்களுக்கு இல்லை, நாங்கள் கேட்டால் அவளுக்கு இல்லை. எங்கள் வீட்டில் இரண்டும் சேர்ந்து நடந்ததே கிடையாது.

ஜெனித் நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான். அங்கேயே நர்ஸாக இருக்கிற ரெஜிஷாவோடு கல்யாணம் முடிவாயிற்று. நம்ம பக்கத்துக் கருங்கல் ஊர்ப் பிள்ளை. இரண்டு பேருக்கும் குடியுரிமைத் தாள் வேலை நடந்துகொண்டிருந்தது, வெளியே வர வழியில்லை. நாங்கள் விசா கேட்டோம், கிடைக்கவில்லை. சனிக்கிழமை, நம்ம நேரம் காலை ஏழரைக்கு அங்கே சர்ச்சில் கல்யாணம். நேரலையாக டிவியில் பார்க்கலாம் என்று ஏற்பாடு. சொந்தக்காரர்கள் முப்பது பேர் வீட்டுக்கு வருவதாக இருந்தார்கள்.

ஞானசெல்வி சொன்னாள்: "நீங்க எல்லாரும் ஹால்ல பாருங்க. நான் அடுக்களையில போனை வச்சு ஹெட்போனைப் போட்டுக் கேக்கேன்."

பெற்ற மகனுடைய கல்யாணத்துக்குத் தாய்க்காரி அடுக்களையிலா? அன்றைக்கே ஜெனித்துக்குப் போன் போட்டேன்.

ஜெனித்திடம் சொன்னபோது அவன் போனிலேயே தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எப்பா, நம்ம டிவி மாடலுக்குப் புது சாப்ட்வேர் வந்திருக்கு. ஸ்பீக்கரும் ஹெட்போனும் சேர்ந்து கேக்கிற வசதி அதுல உண்டுன்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். அப்டேட் பண்ணிருங்க."

'புதிய மென்பொருள் தயார்' என்று டிவியில் ஆறு மாசமாக எழுத்து வந்துகொண்டுதான் இருந்தது. நான் 'பிறகு' என்பதையே அமுக்கிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு, 'இப்போது' என்பதை அமுக்கினேன். ஒரு கோடு பைய ஊர ஆரம்பித்தது. 'மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்' என்று கீழே எழுதியும் இருந்தது. படித்தேன். படித்தவன்தான்.

எங்கள் வீட்டில் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளும் தவறியதில்லை. ஜெபத்துக்கு முன்னால் டிவி அணைய வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் அந்தச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருக்கும், அது என் கண்ணை உறுத்தும். அதனால் சுவரில் இருக்கிற சுவிட்சைத்தான் அணைப்பேன். அன்றைக்கும் ஞானசெல்வி பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். என் கை தானாகச் சுவருக்குப் போயிற்று. அணைத்தபோது கோடு அறுபது சதவீதத்தில் நின்றிருந்தது.

ஜெபம் முடிந்து சுவிட்சைப் போட்டேன். கம்பெனிப் பெயர் வந்தது, போயிற்று. வந்தது, போயிற்று. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் கம்பெனிக்குப் போன் செய்தேன். திங்கள்கிழமை ஆள் வரும் என்றார்கள். பக்கத்து வீட்டு ஷிஜின், மொபைல் கடைக்காரன், ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்தான். "அண்ணே, இந்த சாப்ட்வேர் நெட்டுல கிடைச்சுது. உங்க டிவிக்கு உள்ளதாக்கும். சொருகினா போதும்" என்றான். சொருகினால் எங்கே, எப்படி என்று அவனுக்கும் தெரியவில்லை. அந்தப் பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு மெத்தைக்கு நடுவில் டிவியை நிமிர்த்தி நிறுத்திக் கட்டி, குட்டியானையில் ஏற்றிக்கொண்டுதான் பெமிலா கடைக்குப் போனேன்.

அவள் டிவியைத் தொடுவதற்கு முன்னால் கதையைக் கேட்டாள். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"ஜெபத்துக்காக டிவியைக் கொன்ன முதல் ஆள் நீங்க இல்லண்ணே. போன வருஷம் அருமனையில இருந்து ஒரு போதகரே கொண்டுவந்தாரு."

"பிழைக்குமா பிள்ளே?"

"பாப்போம். சில டிவியில பழசு ஒரு நகல் தனியா இருக்கும். புதுசு பாதியில நின்னா பழசுக்கே போயிரும். உங்க டிவி அப்படி இல்ல, அதான் பேரைக் காட்டிக்காட்டி நிக்குது. ஆனா பேரு வருதுல்லா, அதுவரைக்கும் உசிரு இருக்கு."

நான் ஷிஜினின் பென்டிரைவை நீட்டினேன். அவள் டிவியைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கிற மாடல் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பிறகு பென்டிரைவில் இருந்த ஃபைலின் பெயரைக் கம்ப்யூட்டரில் பார்த்தாள்.

"கடைசி எழுத்து மாறுது. இந்தச் சவத்த எடுத்துத் தூரப் போடுங்க."

"ஒரு எழுத்துதானே?"

அதற்கு அவள் சொன்ன பதில்தான் அவள் யார் என்று எனக்குக் காட்டியது. நாகர்கோவிலில் டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னையில் ஒரு டிவி கம்பெனியின் போன் சேவையில் எட்டு வருஷம் இருந்தாளாம். ஒரு நாளைக்கு எழுபது பேர் ஏசுவார்கள், எழுபது பேருக்கும் பொறுமையாக வழி சொல்ல வேண்டும். புருஷன் ஜான்ரோஸ் தோஹாவுக்குப் போனபிறகு ஊருக்கு வந்து கடை போட்டாள். போட்ட முதல் வருஷம், ஒரு எழுத்து மாறின ஃபைலை ஒருவருடைய டிவியில் ஏற்றிவிட்டாள்.

"படம் தலைகீழா வந்துது அண்ணே. டிவி ஒண்ணுதான், உள்ள இருக்கிற திரை வேற. என்ன ஃபைல் ஏத்தினேன்னு அவருக்குத் தெரியாது, படுக்கையில கெடக்கிறவரு. நெனச்சிருந்தா வேற காரணம் சொல்லி இருக்கலாம். 'நான்தான் கெடுத்தேன்'னு சொல்லிட்டு, சரியான ஃபைலைத் தேடிப் பிடிச்சு ஏத்த ரெண்டு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் எங்க வீட்டு டிவியை அவருக்குக் கொண்டு வச்சேன். அன்னையில இருந்து ஸ்டிக்கரை வாசிக்காம கை வைக்கிறதில்ல."

கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மாடல் நம்பரை முழுசாகப் போட்டு, அங்கிருந்து ஃபைலை இறக்கினாள். என்னென்ன மாறும் என்று அங்கே எழுதியிருந்த பட்டியலையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். 'ஸ்பீக்கர், ப்ளூடூத் ஒரே நேரத்தில்' என்பது அதில் இருந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஒரு வெறும் பென்டிரைவை டிவி படிக்கிற முறைக்கு மாற்றி, சுருக்கி வைத்திருந்த ஃபைலைப் பிரித்து, உள்ளே இருந்ததைப் பெயர்கூட மாற்றாமல் அதில் போட்டாள். டிவி வயரைச் சுவரில் சொருகாமல், கடையிலிருந்த இன்வெர்ட்டரில் சொருகினாள்.

"நம்ம ஊரு கரண்டை நம்பி ஜெபம் வேணா பண்ணலாம், அப்டேட் பண்ணப்பிடாது" என்றாள்.

டிவிக்கு அடியில் இருக்கிற பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டாள். "இந்த மாடலுக்கு இதாக்கும் வழி. வேற கம்பெனிக்கு வேற" என்றாள். விளக்கு விட்டுவிட்டு மின்னியது. கோடு வந்தது. பதினைந்து நிமிஷம் நான் கையிரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அறுபதில் கொஞ்ச நேரம் ஊராமல் நின்றபோது எனக்குப் பதற்றத்தில் வெப்ராளம் தாங்கவில்லை.

"நிக்கும். உள்ள வேலை நடக்குது. தொடப்பிடாது" என்றாள் பெமிலா.

டிவி தானாக அணைந்தது, தானாக வந்தது. மொழி எது என்று கேட்டது. எனக்கு அந்தக் கேள்வியைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

ஆனால் வந்தது எங்கள் டிவி மாதிரி இல்லை. கீழே இருந்த அமைப்புகள் பொத்தான் மேல் ஓரத்துக்குப் போயிருந்தது. சேனல் வரிசை அழிந்திருந்தது, வைஃபை பாஸ்வேர்டு போயிருந்தது. நான் பழைய பாட்டுக் கேட்கிற ஒரு ஆப்பும் இல்லை.

"அதைக் கம்பெனிக்காரனே எடுத்துட்டான், திரும்ப வராது" என்றாள், மழுப்பாமல். நல்ல நிலையில் வருகிற டிவி என்றால், அப்டேட்டுக்கு முன்னால் ஒவ்வொரு மெனுவையும் போனில் படம் எடுத்து வைப்பாளாம், பிறகு அதே மாதிரி திருப்பி வைக்க. என்னுடையது செத்து வந்ததால் அதற்கு வழியில்லை. விளம்பரத்துக்காக நாம் பார்ப்பதைக் கணக்கெடுக்கலாமா என்று ஒரு பக்கம் கேட்டது. நான் 'சரி' அமுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "இதுக்குச் சரி சொல்லாட்டாலும் டிவி ஓடும்" என்று அந்தக் குறியை எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள். கூப்பிடவில்லை, வந்தாள். ஒலி மெனுவுக்குள் போய் ஹெட்போனை இணைத்து, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டாள். ஸ்பீக்கரும் கேட்டது. ஞானசெல்வி முகத்தைச் சுளித்தாள்.

"வாய் அசைஞ்ச பெறவுதான் சத்தம் வருது."

"ப்ளூடூத் கொஞ்சம் பிந்தும் அக்கா, இருங்க" என்று அதே மெனுவில் இருந்த ஒரு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். "இப்ப?" "இன்னும்." "இப்ப?" ஞானசெல்வி சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு பெமிலா அந்த வழியை அவளையே ரிமோட்டைப் பிடித்து மூன்று தடவை செய்யவைத்தாள். எனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை, என் கையின் லட்சணம் ஊருக்கே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை ஹாலில் இடமில்லை. ஞானசெல்வி முன்வரிசையில், ஹெட்போனோடு, பட்டுச்சேலையில். பெமிலாவும் வந்து கதவோரம் நின்றாள். அங்கே போதகர் கேட்க, ஜெனித் தமிழில் பதில் சொன்னான். பாதியில் நிறுத்தி, எச்சில் விழுங்கி, மீதியைச் சொன்னான்.

ஹெட்போன் போட்டிருக்கிறவர்களுக்குத் தங்கள் சத்தம் தெரியாது. ஞானசெல்வி திரும்பி, வீடு அதிரும்படிக் கேட்டாள்:

"மோனுக்குத் தொண்டை அடச்சுது! கேட்டியளா?"

"கேட்டோம் மைனி, கேட்டோம்" என்றாள் என் தங்கை யேசுரத்தினம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஞானசெல்வி கூட்டத்தில் தேடி, கதவோரம் நின்றவளைக் கண்டுபிடித்தாள். "ஏட்டி பெமிலா, அங்க என்ன நிக்கிய? இஞ்ச வந்து இரி" என்று பக்கத்தில் இருந்த என்னை எழுப்பிவிட்டாள். நான் எழுந்து இடம் கொடுத்தேன். மீதிக் கல்யாணத்தை நின்றுகொண்டேதான் பார்த்தேன்.