வாப்பாவின் புத்தகங்களுக்கும் அதே விதி

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஒரு கொள்கை எழுதவேண்டும் என்று தலைமை நூலகர் சொன்னபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எதை வாங்குவது, எதைக் கழிப்பது, நன்கொடையில் எதை ஏற்பது, பணத்தை எப்படிப் பிரிப்பது... இதெல்லாம் தெரியாமலா இத்தனை வருஷம் வேலை பார்த்தோம்?

“நமக்குத் தெரியும் லா. நாளைக்கு நம்ம சீட்டுக்கு வர்றவங்களுக்கு?” என்றார் அவர். கூட்டங்களில் மேடம், மற்ற நேரம் எனக்கு அக்கா.

வரிக்கு வரி மல்லுக்கட்டினோம். பல வருஷமாக இரவல் போகாததையெல்லாம் கழிக்கலாம் என்று எழுதினேன். “இங்கேயே படிச்சிட்டு மேசையில வச்சிட்டுப் போறாங்களே, அதை யாரு கணக்குல சேர்க்கிறது?” என்றார். அன்றிலிருந்து மேசையில் கிடப்பவற்றையும் ஸ்கேன் செய்து கணக்கில் சேர்த்தோம். நான் கழிக்க இருந்த அகராதிகள்தான் அங்கே தினமும் கிடந்தன. இந்த மனுஷிக்கு மட்டும் எப்படித்தான் தோன்றுகிறதோ!

நன்கொடை விஷயத்தில் மகா கறார். வாங்கும் புத்தகத்துக்கு உள்ள அதே தகுதிதான் இலவசமாக வருவதற்கும். நிபந்தனை கூடாது, தனி அலமாரி கிடையாது. சும்மா வரும் புத்தகத்துக்கும் பட்டியலிடும் வேலையும் இடமும் நம் செலவுதானே என்பார்.

அந்தச் சமயத்தில்தான் சிராங்கூன் சாலையில் கடை வைத்திருந்த அவருடைய வாப்பா காலமானார். பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள். அக்காவின் செங்காங் வீட்டில் இடமில்லை.

“வெளிய கொடுக்க மனசு வரல. இங்க இருந்தா தினமும் கண்ணால பார்த்துக்குவேன். ஆனா நான் தேர்ந்தெடுக்கக் கூடாது. நம்ம டிராஃப்ட்ல இருக்கிறபடி நீங்க பாருங்க.”

எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். வேறென்ன செய்வேன்? அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

“எனக்காக எடுத்தீங்கன்னா அந்த பாலிசியைக் கிழிச்சுப் போடுங்க.”

மறுபடி உட்கார்ந்தேன். பூஞ்சை பிடித்தவை, ஏற்கெனவே எங்களிடம் இருப்பவை, எந்தப் பாடத்துக்கும் உதவாதவை என்று ஒதுக்கிக்கொண்டே போனேன். ஒரு பெட்டிதான் தேறியது. மற்றதை அவரே டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனார். கண் கலங்கியிருந்தது, ஆனால் என்மேல் ஒரு சொல் குறை இல்லை.

கொள்கை ஒப்புதலுக்குப் போனதும் துணை முதல்வர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். நம்ம தமிழர்தான், நல்ல மனுஷர். அவருக்குத் தெரிந்த பெரிய குடும்பம் ஒன்று தங்கள் தந்தையின் நூல்களைக் கொடுக்கிறதாம். பெயர் போட்ட தனி அலமாரி வேண்டுமாம். அந்த நிபந்தனை வரியை எடுத்துவிடக் கூடாதா?

அக்கா முடியாது என்றார். எனக்கோ வாப்பாவின் பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிட வாய் துறுதுறுத்தது.

“கொஞ்சம் யோசிங்க மேடம். அப்பா ஞாபகமா கொடுக்கிறாங்க. உங்க அப்பாவோட புக்ஸா இருந்தா திருப்பி அனுப்புவீங்களா?” என்றார் துணை முதல்வர்.

“அனுப்பிட்டேன் சார். எங்க வீட்டு ஹால்ல இருக்கு. இன்னும் நடக்கத்தான் வழியில்ல.”

நிஜமா என்பதுபோல் துணை முதல்வர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த வரி அப்படியே இருக்கிறது.