சீதாலெட்சுமியின் கையிலிருந்த வேகம்

சீதாலெட்சுமி அக்காவின் முகம் நாங்கள் எடுத்த எந்த வீடியோவிலும் கிடையாது. ஆனால் ஏழு வருஷம், எங்கள் தமிழ் வீடியோக்களில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவர் கை வழியாகத்தான் போனது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் எனக்குச் சின்ன ஸ்டூடியோ இருந்தது. நான்தான் முதலாளி, நான்தான் கேமராமேன். தோட்டங்களுக்கும் ஆலைகளுக்கும் பாதுகாப்பு வீடியோ எடுத்துக் கொடுப்பது தொழில். 1983இல், தமிழில் பேச ஆள் தேடியபோது விஜயன் அண்ணனைக் கண்டுபிடித்தேன். கிள்ளான் துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. கோவில் விழா மேடைகளில் அவர் பேச ஆரம்பித்தால், மோர்ப் பந்தலில் நிற்கிறவர்கள்கூட டம்ளரோடு திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல்.

முதல் நாள் படப்பிடிப்பு நாசமாய்ப் போனது. பிராம்ப்டர் எங்களுக்குப் புதுசு. கேமராவுக்கு முன்னால் சாய்வாக ஒரு கண்ணாடி, அதன் கீழே மல்லாந்த ஒரு டிவி. இன்னொரு மேஜையில், பெல்ட்டின் மேல் நீளமான காகிதச் சுருள் ஓடும்; அதைக் குனிந்து பார்க்கும் ஒரு குட்டிக் கேமரா எழுத்தை அந்த டிவிக்கு அனுப்பும். டிவியில் எழுத்து இடம் வலம் மாறித் தெரியும், கண்ணாடியில் விழும்போது நேராகிவிடும். பேசுகிறவர் லென்ஸைப் பார்த்தபடியே வாசிக்கலாம். லென்ஸுக்கு எழுத்து தெரியாது. அன்றைக்குத் தமிழைக் கையால் எழுதித்தான் ஓட்டவேண்டும்.

விஜயன் அண்ணன் வாசித்தார். டேப்பைப் போட்டுப் பார்த்தால், பேட்மின்டன் ஆட்டம் பார்க்கிறவர் மாதிரி கண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. போதாததற்கு, நான் சம்பளத்துக்கு வைத்த ஆள் காகிதத்தை ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டான். அண்ணன் அதன் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினார்.

கூட வந்திருந்த அவர் மனைவி சீதாலெட்சுமி அக்கா அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்தார். கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவர். எழுந்து வந்து காகிதத்தைப் பார்த்தார்.

"தம்பி, வரி ரொம்ப அகலமா இருக்கு. ஒரு வரிக்கு மூணு வார்த்தைதான் இருக்கணும். அப்புறம் கண்ணு எதுக்கு அலையப்போகுது?"

நான் கேமராவைப் பன்னிரண்டு அடி பின்னால் தள்ளி, ஜூம் பண்ணி முகத்தைப் பிடித்தேன். தூரம் கூடியதும் கண்ணின் சின்ன அசைவு தெரியாமல் போனது. வாசிக்கிற வரி லென்ஸின் நடுமையத்துக்கு நேராக நிற்கும்படி கண்ணாடியில் ஒரு அடையாளம் வைத்தேன். அக்கா இரவல் மார்க்கரால் எல்லாவற்றையும் திரும்ப எழுதினார். மூச்சு விடவேண்டிய இடத்தில் ஒரு கோடு. கையிலிருக்கும் தாளைச் சும்மா ஒருதரம் குனிந்து பார்க்கவேண்டிய இடத்தில் ஒரு வட்டம்.

"ஆள் பேப்பரைத் துரத்தக் கூடாது. பேப்பர்தான் ஆளுக்குப் பின்னால வரணும்" என்று சொல்லிவிட்டு வேகக் குமிழின் முன்னால் உட்கார்ந்தார்.

குமிழில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண் உண்டு. அண்ணனுக்கு ஆறு. கோபமாகச் சொல்லும் இடத்தில் ஏழு. அவர் நிறுத்தினால் பூஜ்யம். அக்கா காகிதத்தைப் பார்க்கவே மாட்டார். ஹெட்போனில் அண்ணனின் மூச்சைக் கேட்டுக்கொண்டே விரலை நகர்த்துவார்.

"நீ சுத்துறதே தெரியல சீதா. நானே யோசிச்சுப் பேசற மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்ததும் இருவரும் கீழே இறங்கி ஆளுக்கொரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால்டீ, குடித்துவிட்டுக் கிள்ளான் பஸ் ஏறுவார்கள்.

1989 தொடக்கத்தில் ஆறு ஐந்தானது. அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வியூஃபைண்டரில் தெரிந்த கண்கள், அவை முன்னைப்போலவே இயல்பாகத்தான் இருந்தன. ஒவ்வொரு சுருளின் ஓரத்திலும் தேதியையும் வேகத்தையும் குறித்து வைப்பது அக்காவின் பழக்கம். ஐந்து, ஐந்து, நாலரை, நாலு. அண்ணனுக்குப் புதுப் பல்செட், அதனால் நாக்கு தடுக்குகிறது என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். பிறகு ழகரம் வரும் சொற்களை நீக்க ஆரம்பித்தார். 'தோழர்களே' என்று நான் கொடுத்தால் காகிதத்தில் 'நண்பர்களே' என்று இருக்கும். 'விழிப்போடு' 'கவனமாக' ஆகியிருக்கும். எழுதுகிறவர் அவர்தான் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. வாசித்தவருக்கே தெரியவில்லை.

அடுத்த வருஷம் மார்ச்சில் கேரித் தீவில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்கு வீடியோ. பாதுகாப்பு அதிகாரி விநாயகமூர்த்தி, முப்பது வயது இருக்கும், நல்ல பையன். மலாய் வீடியோ எட்டு நிமிஷத்தில் முடிந்திருந்தது. அதே படத்துக்கு மேல் தமிழ் உட்காரவேண்டும். எடுத்துப் பார்த்தால் தமிழ் பதினொரு நிமிஷம் வந்தது.

"வார்த்தை அதிகமா, பாஸ்?" என்று கேட்டான். எண்ணிப் பார்த்தோம். இல்லை.

"அங்கிள் கொஞ்சம் ஸ்லோவா பேசறாரு போல லா" என்றவன், தன் பையிலிருந்து ஒரு பழைய டேப்பை எடுத்தான். 1986இல் வேறொரு ஆலைக்கு நாங்கள் செய்தது. "இதுல எப்படிப் பேசினாரு பாருங்க. இப்படி வேணும்."

எடிட்டிங் அறையில் இரண்டு டிவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அண்ணனும் அக்காவும் எங்களுக்குப் பின்னால் நின்றார்கள். அவன் ஒன்றில் பழையதைப் போட்டான். நான் ஒன்றில் புதியதைப் போட்டேன். இரண்டிலும் ஒரே வாக்கியம்: ஹெல்மெட் போடாமல் உள்ளே வராதீர்கள்.

பழைய குரல் சொல்லி முடித்து, அடுத்த வாக்கியத்துக்கும் போய்விட்டது. புதிய குரல் இன்னும் 'ஹெல்மெட்'டைத் தாண்டவில்லை. வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி, மூக்கால் வழிகிற மாதிரி. வாரத்துக்கு இரண்டு நாள் கேட்ட குரல்தான். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. விநாயகமூர்த்தி தலைகுனிந்துகொண்டான். "சாரி அங்கிள்" என்றான்.

அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"உனக்கு எப்பருந்து தெரியும்?"

அக்கா அலமாரியைத் திறந்தார். அலமாரியிலிருந்த சுருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். ஓரத்திலிருந்த எண்களை அண்ணன் வரிசையாகப் படித்தார். கடைசிச் சுருளில் மூன்று என்று இருந்தது.

"ஒரு வருஷமாச்சு" என்றார் அக்கா. "உங்களுக்குச் சிரமம் தெரியக்கூடாதுன்னு..."

ஆஸ்பத்திரியில் நரம்பு வியாதி என்றார்கள். முதலில் நாக்கு, அப்புறம் தொண்டை, கை. மருந்து கிடையாது. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா டாக்டரைக் கேட்டார். ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, உண்மையே அதுதான்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்: "மருந்து இல்லன்னா இல்லாமப் போகட்டும் தம்பி. தெரிஞ்சிருந்தா, நல்லாப் பேச முடிஞ்ச அந்த ஒரு வருஷத்துல அவரு வேற ஏதாச்சும் பேசியிருப்பாரு. யாரையாச்சும் போய்ப் பாத்திருப்பாரு. என்கிட்டயாவது பேசியிருப்பாரு. எல்லாத்தையும் ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் பேசி முடிக்க வச்சிட்டேனே."

நான்தான் அந்த ஹெல்மெட்டையும் பூட்ஸையும் எழுதிக் கொடுத்தவன்.

ஆலை வீடியோவை வேறு ஒருவர் பேசி முடித்தார். நான்கு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, இருவரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அண்ணன் பாதியாய் இளைத்திருந்தார். கக்கத்தில் ஒரு சுருள். அவரே எழுதியது. கை நடுங்கும் கோணல் எழுத்து. எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனதாம். அக்காவுக்குக் காட்டவே இல்லையாம். என் முன்னால் வந்து நின்று, லென்ஸைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, பிறகு அக்காவைக் காட்டினார். எனக்குப் புரிந்தது.

கேமராவை அதே பன்னிரண்டு அடியில் வைத்தேன். அக்கா சுருளைப் பெல்ட்டில் பொருத்தினார். விரல் குமிழுக்குப் போனது. வேகம் ஒன்று.

முதல் வரியிலேயே 'சீதா' என்று இருந்தது. அவர் பேசத் தொடங்கினார். ஹெட்போனில் எனக்கு வெறும் ஓசைதான் கேட்டது. இழுபடும் ஓசை, நடுவில் மூச்சு. எந்த ஓசை எந்த வார்த்தை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அக்கா காகிதத்தை ஒரு இழைகூட முந்தவிடவில்லை. அன்றைக்கு அவரும் நானும் ஓடும் காகிதத்தையே வாசித்தோம். கல்யாணமான வருஷத்தில் பந்திங் பட்டணத்தில் மழையில் மாட்டிக்கொண்டதை அண்ணன் எழுதியிருந்தார். தனக்குப் பிறகு அக்கா கிள்ளானில் தனியாக இருக்கக்கூடாது, ரவாங்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடவேண்டும் என்று எழுதியிருந்தார்.

பிறகு இந்த வரிகள் வந்தன.

நீ மறைச்சது
என்மேல் இருந்த
பிரியத்தால். எனக்கு
உன்மேல கோபம்
இல்லை சீதா.

இரண்டாவது வரி வந்தபோது அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அழுகையில் விரல் குமிழை இறுக்கித் திருகிவிட்டது. காகிதம் குதித்து ஓடியது. நாலு வரி போனபிறகுதான் கை பூஜ்யத்துக்கு வந்தது. அதற்குள் அண்ணனின் வாயிலிருந்து ஏதோ ஒரு நீண்ட ஓசை வந்து நின்றிருந்தது. கண்ணாடியில் வரிகள் காணாமல் போனதும் அவர் தேடவில்லை. லென்ஸை விட்டுக் கண்ணை எடுத்து, மேஜைப் பக்கம் திரும்பி, அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் கேமரா ஓடும்போது அவர் அப்படித் திரும்பியதே இல்லை. நான் நிறுத்தவில்லை. நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மீதியை அவர் பேசவில்லை. அக்காவும் ஓட்டவில்லை.

அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் விஜயன் அண்ணன் போய்விட்டார். அக்கா ரவாங்குக்குப் போனார். பிராம்ப்டரில் உட்கார அவரை நான் கூப்பிடவில்லை; கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார்.

வருஷம் திரும்பியதும் பார்க்கப் போனேன். தங்கை வீட்டுக் கூடத்தில் டிவிக்கு முன்னால் அந்தச் சுருளைத் தரையில் விரித்து வைத்திருந்தார். குரலில் வார்த்தை புரியாததால், அன்றைக்கு நான் எடுத்த டேப்பை ஓடவிட்டு, கூடவே காகிதத்தில் விரல் வைத்து வாசித்துக்கொண்டு வருவாராம். பந்திங் மழை, ரவாங், எல்லாம் ஓசைக்கு ஓசை பொருந்துகிறதாம்.

"அந்த ஒரு இடத்துலதான் தம்பி நிக்குது. நான் ஓடவிட்டேனே, அங்க. கோபம் இல்லைன்றத அவரு படிச்சு முடிச்சாரா, இல்ல பேப்பர் போயிட்டதால விட்டுட்டாரா?"

"எழுதித்தான் வச்சிருக்காரே அக்கா."

"எழுதினது இருக்கு. வாயால சொன்னாரான்னு கேக்கறேன்."

நான் அந்த இடத்தை ஹெட்போனில் இருபது தடவைக்கு மேல் கேட்டவன். எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும், "சொன்னாரு அக்கா. நல்லாவே கேட்டுச்சு" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு ரிமோட்டை எடுத்து, டேப்பை மறுபடியும் அந்த இடத்துக்கே பின்னோக்கி ஓட்டினார்.