சொல்லாமல் கிளம்பிய சனிக்கிழமை

என் வாய்க்கு நல்ல பேர் கிடையாது. எதிர் வீட்டுப் பெரியவர் இறந்தபோது துக்கம் கேட்கப் போனேன். கிளம்பும்போது பழக்கத்தில், "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன். எழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனாலும், "வாயத் தொறக்காம எந்திரிச்சு வந்துரு கண்ணு" என்று அம்மா சொல்லித்தான் அனுப்புவாள்.

இப்படிப்பட்ட எனக்குத்தான் என் தோழி அந்தச் செய்தியை அனுப்பினாள். ஆறாம் வகுப்பிலிருந்து காலேஜ் வரைக்கும் ஒரே பெஞ்சு நாங்கள். அவள் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது, பத்திரிகையெல்லாம் கொடுத்தாயிற்று. "கல்யாணம் நின்னு போச்சுடி" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரி. போன் செய்தேன், எடுக்கவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும். தப்பாக ஒரு வார்த்தை விழுந்தால் என்னிடமும் பேச மாட்டாள் என்று பயம்.

"எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று தொடங்கினேன். எந்த நல்லதுக்கு என்று கேட்டால் என்ன சொல்வேன்? அழித்தேன். அடுத்து மாப்பிள்ளையைத் திட்டி நாலு வரி. சரளமாக வந்தது, அதுதான் சந்தேகம். ஆறு மாதமாக அவனோடு சிரித்துப் பேசியவள் அவள். நாளைக்கே இரண்டு பேரும் சமாதானமானால் நான் எந்த முகத்தோடு பந்தியில் உட்காருவது? அதையும் அழித்தேன். "ஏன், என்னாச்சு?" என்று எழுதினேன். ஊரே அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கும். "எது வேணும்னாலும் கேளு" என்பது கௌரவமாகத் தெரிந்தது, ஆனால் போனையே எடுக்க முடியாதவள் என்ன வேண்டும் என்று எப்படி யோசிப்பாள்?

பக்கத்தில் எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "ஒரு கும்புடு பொம்மை போட்டு உடு" என்றார். அவரைச் சமையலறைக்கு அனுப்பினேன்.

அதற்குள் அவளிடமிருந்தே வந்தது: "அரை மணி நேரமா டைப்பிங் டைப்பிங்னு காட்டுது. பரீட்சையா எழுதற?"

வெட்கமாகப் போயிற்று. மனதில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன்.

"ரொம்ப வருத்தமா இருக்குடி. ஏன்னு கேக்க மாட்டேன். நீயா சொன்னா கேட்டுக்குவேன். இதுக்குப் பதில் போடோணும்னு இல்ல. காலேஜ் ஆளுகளுக்கு நான் சொல்லட்டா? கல்யாணம் நடக்கல, அவளுக்குப் போன் பண்ணாதீங்கன்னு மட்டும் சொல்றேன். சரின்னா 'ம்' போடு, நீ சொல்லாம யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஊட்டுக்கு வாரேன். வேண்டாம்னா வேண்டாம்னு போடு, கோவிச்சுக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு "ம்" வந்தது. "வேண்டாம்" வரவில்லை.

பத்தொன்பது பேரைக் கூப்பிட்டேன். எல்லோரும் முதலில் "அய்யோ" என்றார்கள், அடுத்து "ஏனாம்?" என்றார்கள். "அது எனக்குத் தெரியாது, நீங்களும் அவகிட்டக் கேக்காதீங்க" என்று பத்தொன்பது முறை சொன்னேன். ஒருத்திக்கு மட்டும் வேறு கவலை. ஆர்.எஸ்.புரத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்தாளாம், இனி அதை எதற்குப் போடுவது என்றாள். உன் கல்யாண நாளுக்குப் போட்டுக்கொள் என்றேன்.

சனிக்கிழமை பீளமேட்டில் அவள் வீட்டு ஹாலில் உறவுக்காரர்கள் சுவரோரமாக உட்கார்ந்து குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா, "வா அம்மணி" என்று உள்ளே கையைக் காட்டினார். தோழி கட்டிலில் உட்கார்ந்து, பலகாரத்துக்கென்று சுட்டு வைத்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. நானும் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டேன். அவள் அழுதபோது கையைப் பிடித்துக்கொண்டேன், மற்ற நேரம் ஜாக்கெட் கதையைச் சொன்னேன். அதற்கு ஒரு தடவை சிரித்தாள். காரணத்தை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு அவள் அறையோடு சேர்ந்த பாத்ரூமுக்கு முகம் கழுவப் போனாள். கிளம்ப அதுதான் நேரம் என்று எழுந்தேன். ஹாலைப் பார்த்ததும் எதிர் வீட்டுப் பெரியவர் ஞாபகம் வந்துவிட்டது. அதே குசுகுசுப்பு, அதே முகங்கள். இந்த முறையாவது ஒழுங்காக நடந்துகொள்வோம் என்று யாரிடமும் எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்தபடி வாசலுக்கு வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போட்டேன்.

"ஏன்டி" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. ஈர முகத்தோடு வாசல் கேட் வரைக்கும் வந்துவிட்டாள். நான்கு நாளாக அறையை விட்டு வெளியே வராதவள் என்று பிறகுதான் தெரிந்தது. "சொல்லாமக்கொள்ளாமப் போற? இங்க யாரு செத்துப் போனா?"

உள்ளே குசுகுசுப்பு நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"போயிட்டு வாரேன்டி" என்றேன்.

"எப்போ வருவே?"

"செவ்வாக்கிழமை."

"வா. முறுக்கு ரெண்டு டின்னு கெடக்குது" என்றாள்.