ஒரு மாதத்தில் ஏழு நிமிடம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் ஒன்று. பி.காம். முடித்து, கல்யாணமாகி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தனியார் ஆஸ்பத்திரிகளில் வரவேற்பு வேலைக்குப் போனால் முதல் கேள்வியே இங்கிலீஷில்தான் வந்தது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடைக்கு மேல் மாடியில் ஓர் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு இருந்தது. ‘முப்பதே நாளில் சரளமாக ஆங்கிலம்’ என்று வாசலில் எழுதியிருந்தார்கள். சேர்ந்துவிட்டேன்.

ஒரு மணி நேர வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். சார் நல்ல ஆசிரியர், அதைச் சொல்லியாக வேண்டும். இறந்தகாலம், நிகழ்காலம் என்று இலக்கணக் காலங்களை அவர் விளக்கியதுபோல என் கல்லூரியில்கூட யாரும் விளக்கியதில்லை. எத்தனை முறை சந்தேகம் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் முக்கால் மணி நேரம் எழுதுவோம். கடைசிக் கால் மணி நேரம்தான் பேச்சு. ஆளுக்கு ஒரு நிமிஷம் என்று பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து பேசுவதற்குள் மணி ஆகிவிடும். மற்றவர்கள் கைதட்டுவோம்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தோல் வியாபாரக் குடும்பத்துப் பெண். சென்னையில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தார்.

“அக்கா, வீட்ல உருது, வெளியில தமிழு, இங்க வந்தா கைதட்டுறது. இங்கிலீஷ் எப்பத்தான் பேசுறது?” என்று சிரிப்பார்.

மூன்றாவது வாரம் ஓர் ஆஸ்பத்திரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். என்னைப் பற்றி மனப்பாடமாக வைத்திருந்ததை ஒப்பித்தேன். நன்றாகத்தான் போனது. பிறகு நேர்முகம் எடுத்த அம்மா, ‘டாக்டர் வரத் தாமதமாகிறது, நோயாளி கோபமாகக் கத்துகிறார், என்ன சொல்வீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி புரிந்தது. தமிழில் பதிலும் தயாராக இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் அப்படியொன்றும் மந்தமானவள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசி நாள் சார் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டார். எல்லோரும் கருத்து எழுத வேண்டும், நல்லதைப் பொறுக்கி அடுத்த நோட்டீஸில் போடுவார். எனக்கு முன்னால் எழுதியவர்கள் அத்தனை பேரும் ‘சூப்பர்’, ‘வாழ்க்கையே மாறியது’ என்று எழுதியிருந்தார்கள். நான் இப்படி எழுதினேன்: ‘இலக்கணம் தெளிவாகப் புரிந்தது. சார் பொறுமையானவர். ஆனால் இந்த ஒரு மாதத்தில் என் முறை ஏழு தடவை வந்தது. மொத்தம் ஏழு நிமிடம் பேசியிருக்கிறேன். முப்பது நாளில் கூச்சம் கொஞ்சம் குறையும், சரளம் வராது. வேலை தேடுகிறவர்கள் சரளம் வரும் என்று நம்பிச் சேர வேண்டாம்.’ கீழே என் பெயரையும் போட்டேன்.

வகுப்பு முடிந்ததும் சார் கூப்பிட்டார். பக்கத்து சீட்டுப் பெண்ணும் எனக்காக வாசலில் நின்றார்.

“ஏம்மா, இத எப்படிம்மா நோட்டீஸ்ல போடுறது?”

“போட வேணாம் சார். வகுப்ப மாத்துங்க.”

“பத்துப் பேர வச்சு நடத்துனா வாடகை கட்ட முடியாது. பீஸ ஏத்துனா நீங்களே வர மாட்டீங்க.”

“ஆளக் குறைக்க வேணாம். நாலு நாலு பேரா உக்காத்தி வைங்க. அரை மணி நேரம் எல்லாரும் ஒரே நேரத்துல பேசட்டும். நீங்க சுத்தி வந்து திருத்துங்க.”

“அம்புட்டுப் பேரும் ஒண்ணாப் பேசுனா சந்தை மாதிரி ஆயிரும்மா!”

“சந்தையிலதான சார் எல்லாரும் வாய் திறந்து பேசுறாங்க?” என்றார் வாசலில் நின்ற பெண்.

சார் நோட்டை மூடி மேஜையில் வைத்தார். “சரி, ஒரு வாரம் பாப்போம். ரெண்டு பேரும் பீஸ் இல்லாம வாங்க. சரிப்படலைன்னா பழையபடிதான்.”

புது வகுப்பிலும் நாற்பது பேர். முதல் நாள் சத்தத்தில் டயர் கடைக்காரரே மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் நால்வரில் ஒருவர் கோபக்கார நோயாளி, ஒருவர் வரவேற்பில், மற்ற இருவர் பிழை பிடிப்பார்கள். பிறகு மாறிக்கொள்வோம். பிழை பிடிக்கும் அளவுக்கு எங்களுக்கு இங்கிலீஷ் போதாது என்பதால் சார் ஓயாமல் சுற்றினார். அன்று வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருந்தது. ஒரு மாதத்தில் பேசியதை ஒரே நாளில் பேசியிருந்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகும் சார் பழைய முறைக்குத் திரும்பவில்லை. நோட்டீஸில் ‘சரளமாக’ என்பதை எடுத்துவிட்டு ‘தயக்கமின்றி’ என்று போட்டார். ‘முப்பதே நாளில்’ என்பதை மட்டும் எவ்வளவு சொல்லியும் எடுக்கவில்லை.

நாங்கள் இருவரும் மேலும் மூன்று மாதம் போனோம். அதன்பின் வேறோர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் வாரமே மும்பையிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் போனில் படபடவென்று கொட்டினார். பாதி புரியவில்லை. “மெதுவாகச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு இடத்தில் தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.