ஐந்தாவது கணக்கில் சறுக்கிய உருளை

பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருடத்தில், கணக்கு என்றால் வகுப்பில் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. அசைன்மென்ட் வந்தால் நான் போட்டு முடிக்கும்வரை யாரும் பேனாவைத் திறக்கமாட்டார்கள், கடையத்திலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழி ஒருத்தியைத் தவிர. அவள் தானே போட்டுப் பார்த்த பிறகுதான் என் தாளை எட்டிப் பார்ப்பாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

அந்தத் தடவை வந்தது முழுக்கச் சரிவில் உருளும் உருளைகள். ஐந்து கணக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். முதல் நான்கிலும் 'சறுக்காமல் உருளுகிறது' என்று போட்டிருந்தது. ஐந்தாவதில் அந்த வார்த்தை இல்லை. திட உருளை, நாற்பத்தைந்து டிகிரி சரிவு, உராய்வுக் குணகம் 0.2, முடுக்கம் எவ்வளவு, அவ்வளவுதான். நான் அதற்கும் அதே சூத்திரத்தைப் போட்டேன். g sin θ-வில் மூன்றில் இரண்டு பங்கு, 4.62. உராய்வுக் குணகம் நம்மைக் குழப்பக் கொடுத்தது என்று எல்லோருக்கும் விளக்கம் வேறு சொன்னேன். வகுப்பே 4.62 எழுதியது.

அவள் 5.54 எழுதியிருந்தாள்.

டைபாய்டு வந்து முதல் இன்டர்னல் தேர்வைத் தவறவிட்டவள் அவள். இந்த அசைன்மென்டில் பத்துக்குப் பத்து வாங்கினால்தான் இன்டர்னலில் தப்பிப்பாள்.

"ஏட்டி, மாத்தி எழுது. சீனியர் அக்கா நோட்டுல மேடமே 4.62-க்கு டிக் போட்டிருக்காவ."

"உருளை சறுக்கும்ட்டி. சறுக்காதுன்னு எப்படி எழுத?"

"அப்ப உருளாதுங்கியா?"

"உருளும், சறுக்கிக்கிட்டே உருளும். எடை நடுவுல புடிச்சு இழுக்குது, அது உருளையச் சுத்தாது. அடியில இருக்க உராய்வுதான் திருப்புவிசை கொடுத்துச் சுத்துது. சறுக்காம உருளணும்னா, கீழ இழுக்க விசையில மூணுல ஒரு பங்கு உராய்வு வேணும். இங்கன மிஞ்சிப்போனா அஞ்சுல ஒரு பங்குதான் கிடைக்கும்."

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. சாயங்காலம் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பக்கத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாடிப்படிக் கைப்பிடியில் வெட்டி மிஞ்சிய உருண்டை மரத்துண்டு ஒன்றையும், ஒரு கிரானைட் பலகையையும் கேட்டு வாங்கினோம். சாரலில் பலகை நனைந்து வழவழவென்று இருந்தது. மரத்தின் வெட்டு முகத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டாள். போனை ஸ்லோ மோஷனில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

பலகையைக் கொஞ்சமாகச் சாய்த்து மரத்தை விட்டபோது, மேலிருந்து கீழே வருவதற்குள் சிவப்புக் கோடு நான்கு சுற்றுச் சுற்றியது. பலகையின் நீளம் மரத்தின் சுற்றளவைப் போல நான்கு மடங்கு, அதாவது சறுக்கவே இல்லை. பிறகு பலகையை நன்றாகச் சாய்த்தாள். அதே ஈரம், அதே மரம். சர்ரென்று வந்து விழுந்தது. படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் கோடு இரண்டு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை. அப்போதும், "சரிதான், ஆனா மார்க்குக்காக 4.62 எழுதிரு" என்று கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள்.

தாள்கள் திரும்பி வந்தன. எனக்குப் பத்து. அவளுடைய ஐந்தாவது கணக்கில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி, மொத்தம் எட்டு. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் எழுந்து மேடத்தின் மேஜைக்குப் போனாள். போனை எடுத்துக் காட்டுவாள் என்று நினைத்தேன். காட்டவில்லை.

"மேடம், 4.62 வரணும்னா எவ்வளவு உராய்வு வேணும்னு ஒரு தடவை போட்டுப் பாக்கலாமா?"

மேடத்துக்கு மூக்கின் மேல் கோபம் வரும். ஆனால் கணக்கு என்று கேட்டால் மறுக்கமாட்டார். திருப்புவிசைக்கு ஒரு வரி, நிலைமத் திருப்புத்திறனுக்கு ஒரு வரி என்று போர்டில் போட்டுக்கொண்டே வந்தார். தேவைப்படும் உராய்வை எழுதினார். அதற்குக் கீழே, கிடைக்கக்கூடிய உராய்வை எழுதினார். சாக்பீஸ் நின்றது.

"என் விடைதான் தப்பு," என்றார் மேடம், எங்களைப் பார்த்துத் திரும்பி. எத்தனை பேருக்கு அந்த வாக்கியம் இவ்வளவு சுலபமாக வரும்! அவளுடைய பெருக்கல் குறியை அடித்துவிட்டுப் பத்து போட்டார். "மத்தவங்க எல்லாரும் பேப்பரைக் கொண்டாங்க," என்றார்.

வகுப்பே என்னைத்தான் முறைத்தது. என் தாளில் பத்து, எட்டு ஆயிற்று. மார்க் குறைந்ததற்கு வாழ்க்கையில் நான் கை தட்டியது அந்த ஒரு தடவைதான்.